ஒற்றை டிக் நிற்கும் குழுவில் அறிவிப்பு யாரை எட்டவில்லை என்று கண்டறிவது எப்படி?

கேள்வி: பயிற்சி வகுப்பின் தேர்வு நடக்கும் இடம் மாறிவிட்டதை வாட்ஸ்அப் குழுவில் நேற்று மாலை 7 மணிக்கு அறிவித்தேன். குழுவில் என்னுடன் சேர்த்து 64 பேர். அவர்களில் இருவர் ஆசிரியர்கள், ஒருவர் அலுவலக உதவியாளர். பதிவேட்டில் 62 மாணவர்கள். மூன்றாம் மாடி என்பதற்குப் பதில் இரண்டாம் மாடி என்று தவறாகப் போட்டுவிட்டதால் 7.08-க்கு அதே செய்தியைத் திருத்தினேன். ஒரு நாள் ஆகியும் ஒற்றைச் சாம்பல் டிக்தான் தெரிகிறது. தகவல் பக்கத்தில் 52 பேர் படித்ததாகவும், 7 பேருக்குச் சேர்ந்ததாகவும், 4 பேர் மீதம் என்றும் இருக்கிறது. நாளை காலை 10 மணிக்குத் தேர்வு. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்:

எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. நீங்கள் கொடுத்திருக்கும் எண்களைக் கொண்டே அதைச் சொல்லிவிடலாம். யார் யாருக்குச் சேரவில்லை என்பதை இன்றிரவுக்குள் கண்டுபிடிக்கவும் முடியும். ஆனால் அதற்கு அந்த டிக்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பெயர்ப் பட்டியலைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

முதலில் அந்த ஒற்றை டிக் உங்களுக்குக் கவலை தருவதால் அதை விளக்கிவிடுகிறேன். தனி ஒருவருக்கு அனுப்பும்போது ஒற்றை டிக் என்றால் செய்தி உங்கள் கைபேசியை விட்டு வாட்ஸ்அப்பின் சர்வருக்குப் போய்விட்டது என்றும், இரண்டு சாம்பல் டிக் என்றால் பெறுபவரின் கைபேசிக்கோ அவர் இணைத்து வைத்திருக்கும் கணினிக்கோ வந்துவிட்டது என்றும், அவை நீலமானால் படிக்கப்பட்டது என்றும் பொருள். குழுவில் இதே குறிகள் வேறு கணக்கில் இயங்குகின்றன. குழுவின் கடைசி ஆளுக்கும் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது டிக் வரும். கடைசி ஆளும் படித்த பிறகுதான் நீலம் வரும். ஆகவே 63 பேரில் 59 பேருக்குச் சேர்ந்திருந்தாலும், சேராத நால்வருக்காக அந்த டிக் ஒற்றையாகவே நிற்கிறது. அந்த நால்வரில் ஒன்று யாரும் பயன்படுத்தாத பழைய எண்ணாக இருந்தால், மற்ற அனைவரும் படித்து முடித்த பின்னும் அது மாறப்போவதில்லை. குழுவில் தெரியும் டிக் மிகப் பின்தங்கிய எண்ணின் நிலையை மட்டுமே காட்டுகிறது. மற்றவர்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும் Info பக்கம்தான் நமக்குப் பயன்படும். அனுப்பியவருக்கு மட்டுமே அது திறக்கும் என்பதால், வேறொரு ஆசிரியர் அனுப்பிய அறிவிப்பின் நிலையை உங்கள் கைபேசியிலிருந்து பார்க்க முடியாது. அதில் Read by என்பதன் கீழ் படித்தவர்களின் பெயர்களும், Delivered to என்பதன் கீழ் சேர்ந்தும் படிக்காதவர்களின் பெயர்களும் நேரத்துடன் இருக்கும். இன்னும் சேராதவர்களைப் பொறுத்தவரை எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும், பெயர் கிடைக்காது. நமக்கு மிகவும் தேவைப்படுவது அந்த நால்வரின் பெயர்கள்தான் என்பதால், குழு உறுப்பினர் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இரண்டு பட்டியல்களிலும் உள்ளவர்களை ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வர வேண்டும். 63 பெயர்களுக்கு அது கால் மணி நேர வேலை.

அந்தத் தாளைத் தயாரிக்கும்போது குழுப் பட்டியலிலிருந்து தொடங்காமல் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப் காட்டும் எண்ணிக்கை முழுவதும் குழுவில் இருக்கும் எண்களைப் பற்றியது. குழுவில் இல்லாத மாணவரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. உங்கள் கணக்கையே பாருங்கள். உங்களைத் தவிர 63 பேர். இரண்டு ஆசிரியர்களையும் உதவியாளரையும் கழித்தால் 60 எண்கள். பதிவேட்டில் 62 மாணவர்கள். அப்படியானால் குறைந்தது இருவர் குழுவிலேயே இல்லை. எண் மாற்றிய மாணவர் ஒருவர் பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும் இரண்டு முறை குழுவில் இருந்தால், வெளியே இருப்பவர்கள் மூவர் ஆகிறார்கள். நாளை 63 பேரும் படித்து நீல டிக் வந்திருந்தாலும், இந்த இருவரோ மூவரோ பழைய கட்டடத்தின் வாசலில்தான் போய் நிற்பார்கள். தாமதமாகச் சேர்ந்தவர்களும், இடையில் குழுவை விட்டு வெளியேறியவர்களும், எண் மாற்றிய பிறகு மீண்டும் சேர்க்கப்படாதவர்களும்தான் பெரும்பாலும் இப்படி விடுபடுகிறார்கள். செய்தி அனுப்பிய பிறகு இவர்களைக் குழுவில் சேர்த்தாலும், முன்பு அனுப்பிய அறிவிப்பு அவர்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நேற்றைய செய்தியின் Info பக்கம் அப்போது குழுவில் இருந்தவர்களின் கணக்கைத்தான் வைத்திருக்கும். புதிதாகச் சேர்ப்பவருக்கு அறிவிப்பைத் தனியாக அனுப்ப வேண்டும்.

அடுத்து அந்த நால்வர். செய்தி சேராமல் இருப்பதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. கைபேசி அணைந்திருக்கலாம் அல்லது இணையம் இல்லாமல் இருக்கலாம், அது தற்காலிகம். அல்லது அந்த எண்ணில் வாட்ஸ்அப்பையே யாரும் பயன்படுத்தாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. அதே குழுவில் சென்ற வாரமும் அதற்கு முந்தைய வாரமும் நீங்கள் அனுப்பிய செய்திகளின் Info பக்கங்களைத் திறந்து, இந்த நால்வரின் பெயர்கள் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று செய்திகளிலும் ஒருவர் பெயர் எங்குமே இல்லை என்றால், அது கைவிடப்பட்ட எண். அந்த மாணவர் வேறொரு பெயரிலோ எண்ணிலோ குழுவில் இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்து, அந்த எண்ணில் படித்திருந்தால் இங்கே அவரை அடித்துவிடலாம். இல்லையென்றால் பதிவேட்டில் உள்ள வேறு எண்ணைத் தேட வேண்டும். மாறாக, புதன்கிழமை அனுப்பிய செய்தியை அன்றே படித்தவருக்கு நேற்றைய செய்தி மட்டும் சேரவில்லை என்றால், நேற்று மாலையிலிருந்து அவருடைய கைபேசி இணையத்தில் இல்லை என்று கொள்ளலாம். வாட்ஸ்அப் சேராத செய்தியை 30 நாள் வரை வைத்திருந்து, கைபேசி இணையத்துக்கு வந்ததும் சேர்த்துவிடும். ஆனால் அது நாளை மாலை நடந்தால் நமக்குப் பயனில்லை. இவர்களுக்கு வாட்ஸ்அப்பிலேயே இன்னொரு செய்தி அனுப்புவது வீண். அதுவும் முதல் செய்தியின் பின்னாலேயே காத்துக்கொண்டிருக்கும். இணையம் இல்லாமலும் இயங்கும் சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்தான் இங்கே உதவும். கைபேசியே அணைந்திருந்தால், சேர்க்கைப் படிவத்தில் அவர் கொடுத்திருக்கும் வீட்டார் எண்ணை அழையுங்கள்.

சேர்ந்தும் படிக்காத ஏழு பேரைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான ஆறுதல் இருக்கிறது. அவர்கள் நீல டிக்கை அணைத்து வைத்திருப்பார்கள், உண்மையில் படித்திருப்பார்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். குழுக்களுக்கு அது பொருந்தாது. Read receipts என்ற அமைப்பை ஒருவர் அணைத்து வைத்திருந்தாலும், குழுவில் அவர் படித்த விவரம் அனுப்பியவருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே இந்த ஏழு பேரும் அந்தக் குழுவை நேற்று மாலையிலிருந்து திறக்கவில்லை என்பதே நேரான பொருள். திறக்காமலே அறிவிப்புப் பட்டையில் முதல் சில வரிகளை அவர்கள் பார்த்திருக்கக்கூடும்; அப்படிப் பார்ப்பது படித்ததாகக் கணக்கில் வராது. உங்கள் செய்தியின் முதல் வரியில் என்ன இருந்தது என்று இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். "அன்பார்ந்த மாணவர்களுக்கு வணக்கம், நாளை மறுநாள் நடைபெறவுள்ள தேர்வு தொடர்பாக" என்று அது தொடங்கியிருந்தால், பட்டையில் பார்த்தவர்களுக்குத் தேர்வு இருக்கிறது என்பதுதான் தெரிந்திருக்கும். "சனிக்கிழமைத் தேர்வு பழைய கட்டடத்தில் இல்லை. புதிய கட்டடம், மூன்றாம் மாடி" என்று தொடங்கியிருந்தால், குழுவைத் திறக்காதவர்களில் சிலருக்கும் செய்தி போயிருக்கும். ஆனாலும் அதை நம்பி அவர்களை அடித்துவிட வேண்டாம்.

இந்த ஏழு பேரிலும் பழைய செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு விதமானவர்கள் தெரிவார்கள். வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குள் படிப்பவர் இந்த முறை ஒரு நாளாகப் படிக்கவில்லை என்றால், கைபேசி அவர் கையில் இல்லாமல் இருக்கலாம். அவர் இணைத்து வைத்த ஏதோ ஒரு கணினியில் செய்தி போய் இறங்கி, அதனால் மட்டுமே சேர்ந்ததாகக் காட்டிக்கொண்டிருக்கலாம். எப்போதுமே மூன்று நான்கு நாள் கழித்துப் படிப்பவர் என்றால், குழுவை ஒலியடக்கியோ ஆர்க்கைவ் செய்தோ வைத்திருக்கிறார். ஆர்க்கைவ் செய்த குழுவில் புதிய செய்தி வந்தாலும் வழக்கமாக அது மேலே வராது, ஒலிக்கவும் செய்யாது. ஆனால் அந்த நபரின் பெயரை @ குறியுடன் குறிப்பிட்டாலோ, அவருடைய செய்திக்குப் பதிலாக அனுப்பினாலோ அவருக்கு அறிவிப்பு போகும். ஆகவே இந்த ஏழு பெயர்களையும் @ குறியுடன் சேர்த்து, இடத்தை மட்டும் ஒரே வரியில் மீண்டும் குழுவில் அனுப்புங்கள். "மேலே பார்க்கவும்" என்று எழுத வேண்டாம். ஒன்பது மணி வரை பொறுத்து, அந்தப் புதிய செய்தியின் Info பக்கத்தைப் பாருங்கள். இன்னும் படிக்காதவர்களை அழைத்துவிடுங்கள்.

தனிச் செய்தி அனுப்புவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். தனி அரட்டையில் நீல டிக்கை அணைக்க முடியும். நீங்களே உங்கள் கைபேசியில் அதை அணைத்து வைத்திருந்தாலும் எதிராளி படித்தது உங்களுக்குத் தெரியாது. குழுவில் 'படிக்கவில்லை' என்பதற்குப் பொருள் இருக்கிறது. தனி அரட்டையில் நீலம் வராததற்கு அப்படி எந்த உறுதியான பொருளும் இல்லை. குரல் செய்தி மட்டும் இதற்கு விலக்கு. அதைக் கேட்டுவிட்டால் அதிலுள்ள மைக் குறி நீலமாகும். இதை யாரும் அணைக்க முடியாது. இடத்தையும் நேரத்தையும் பத்து நொடியில் சொல்லும் ஒரு குரல் பதிவு, தனியாக அனுப்பும் இடத்தில் எழுத்தை விடத் தெளிவான தடயத்தைத் தரும்.

இனி அந்த 52 பேர். நீங்கள் அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. என் மதிப்பீட்டில் நாளை காலை தவறான இடத்துக்குப் போகக்கூடியவர்களில் சிலர் இவர்களுக்குள்ளேதான் இருக்கிறார்கள், அதற்குக் காரணம் 7.08-க்கு நீங்கள் செய்த திருத்தம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம். திருத்தியதும் அதன் ஓரத்தில் Edited என்று சிறிய எழுத்தில் வரும். ஆனால் யாருக்கும் புதிய அறிவிப்பு போகாது. 7.00-க்கும் 7.08-க்கும் இடையில் படித்தவர்கள் இரண்டாம் மாடி என்று படித்துவிட்டு, கைபேசியைக் கீழே வைத்திருப்பார்கள். பட்டியலில் அவர்கள் படித்தவர்கள்தான். திருத்திய வாசகத்தை மீண்டும் வந்து பார்த்தார்களா என்பதை அந்தப் பட்டியல் தனியாகச் சொல்வதில்லை. முக்கியமான அறிவிப்புகளை உடனுக்குடன் படிக்கும் பொறுப்பான மாணவர்கள் இங்கே முதலில் பாதிக்கப்படுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

நல்ல வேளையாக இதைக் கண்டுபிடிக்க முடியும். Read by பட்டியலில் ஒவ்வொருவரும் படித்த நேரம் இருக்கிறது. 7.08-க்கு முன்னால் நேரம் உள்ள பெயர்களை உங்கள் தாளில் தனியாக வட்டமிடுங்கள். பத்துப் பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும், இவர்கள் தவறான தகவலைப் படித்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது செய்ய வேண்டியது இன்னொரு திருத்தமல்ல, அதற்கான நேரமும் கடந்துவிட்டது. "திருத்தம்: இரண்டாம் மாடி அல்ல, மூன்றாம் மாடி" என்று தொடங்கும் புதிய செய்தி ஒன்றைக் குழுவில் போடுங்கள். @ குறியுடன் ஏழு பேருக்காக அனுப்பச் சொன்ன செய்தியும் இதுவாகவே இருக்கலாம். வட்டமிட்ட பெயர்களையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டாவது செய்திக்கு யார் படித்தார்கள் என்பதே இனி உங்களுக்குக் கணக்கு. நேற்றைய செய்தியின் 52 இனி எதற்கும் ஆதாரமாகாது.

படித்தார் என்ற குறியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது அந்த எண்ணில் அந்த அரட்டை திறக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. நீண்ட செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடக்கி Read more என்று காட்டும்; அதைத் தொட்டு விரித்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. இடத்தின் வரைபடத்தைப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ அனுப்பியிருந்தால், அந்தக் கோப்பைத் திறந்தாரா என்பதும் தெரியாது. ஒருவர் தெரியாமல் திறந்துவிட்டு, பிறகு படிக்கலாம் என்று அதைப் படிக்காததாகக் குறித்து வைத்தாலும், உங்கள் பக்கத்தில் வந்த நீலம் திரும்பப் போகாது. ஒரே கைபேசியை வீட்டில் இருவர் பயன்படுத்தினால், படித்தவர் உங்கள் மாணவராக இல்லாமலும் இருக்கலாம். பதிவேட்டில் பெற்றோரின் எண்ணைக் கொடுத்திருக்கும் மாணவர்களின் பெயர்களைத் தாளில் குறித்து வைப்பது இதனால்தான்.

இந்த இடைவெளியை நிரப்பப் பலரும் கட்டைவிரல் குறி போடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. முதல் பத்துப் பேர் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் செய்தியைப் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். வாசகத்தைப் படித்தால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்பதுதான் சரியான சோதனை. "எந்த மாடி என்பதை எனக்குத் தனிச் செய்தியில் எழுதி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். குழுவிலேயே பதில் எழுதச் சொன்னால் முதல் பதிலைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவார்கள் என்பதால் தனிச் செய்தி அவசியம். எல்லா மாணவரிடமும் இதைக் கேட்க வேண்டியதில்லை. வட்டமிட்டவர்கள், பெற்றோர் எண்ணில் இருப்பவர்கள், புதிதாகச் சேர்த்தவர்கள் ஆகியோரிடம் கேட்டால் போதும். அந்தப் பதில்களில் யாராவது "இரண்டாம் மாடி" என்று எழுதினால், இந்த முழு வேலையும் எதற்காக என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் மாணவர்கள் சிலர் டெலிகிராமிலும் ஒரு குழு வைத்திருந்தால், வாட்ஸ்அப்பில் பழகிய கண்ணோடு அதைப் படிக்க வேண்டாம். அங்கே ஒற்றை டிக் என்றால் செய்தி டெலிகிராம் சர்வருக்குப் போய்விட்டது. இரண்டு டிக் என்றால் படிக்கப்பட்டது. குழுவில் யாராவது ஒருவர் படித்தாலே இரண்டு டிக் வந்துவிடும். பெறுபவரின் கைபேசிக்குச் சேர்ந்தது என்பதைத் தனியாகக் காட்டும் குறி அங்கே இல்லை. வாட்ஸ்அப்பின் குழு டிக் எல்லோருக்காகவும் காத்திருக்கிறது. டெலிகிராமின் குழு டிக் ஒருவரோடு நிறைவடைகிறது. இரண்டையும் ஒரே பொருளில் எடுத்துக்கொண்டால் நேர் எதிரான முடிவுக்கு வருவீர்கள்.

அழைப்புகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் இடத்தைச் சொல்லி "சரிதானே" என்று கேட்டால் எல்லோரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். "நாளை எங்கே வருவீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் வாயால் கட்டடத்தையும் மாடியையும் சொன்ன பிறகு தாளில் அடியுங்கள். மாணவரே எடுக்காமல் வீட்டில் வேறொருவர் எடுத்தால், யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் நேரத்தையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு யாராவது தகவல் வரவில்லை என்று சொன்னால் அந்தக் குறிப்பு தேவைப்படும்.

இரவு பத்து மணிக்கு அந்தத் தாளில் அடிக்கப்படாமல் மூன்று நான்கு பெயர்கள் மிஞ்சலாம். எத்தனை முறை அனுப்பினாலும் அழைத்தாலும் எட்டாதவர்கள் அவர்கள். அவர்களுக்காக நாளை காலை 9 மணியிலிருந்து பழைய கட்டடத்தின் வாசலில் அலுவலக உதவியாளரை நிறுத்துங்கள். கையில் அந்தப் பெயர்கள் மட்டும் எழுதிய சீட்டு இருக்கட்டும், கதவில் புதிய இடத்தையும் மாடியையும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். அவர் அங்கிருந்து அனுப்பும் ஒவ்வொருவரையும் உங்களுக்கு அழைத்துச் சொல்லட்டும். நடந்து வர ஆகும் நேரத்தைத் தேர்வு அறையில் அவர்களுக்குக் கூட்டிக் கொடுக்கலாமா என்பதை மற்ற இரு ஆசிரியர்களோடும் இன்றிரவே பேசி முடிவு செய்துவிடுங்கள்.